பெற்றோர் எப்போது வாட்ஸ்அப் அனுப்பலாம்? முதல் பருவக் குறிப்புக்கு நான்கு வழிகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரின் கைப்பேசி எண் நாற்பது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து கேள்விகள் வரத் தொடங்கும். இன்றைக்கு என்ன ஹோம்வொர்க், நாளைக்கு என்ன யூனிஃபார்ம், தமிழ் நோட்டு இரண்டு கோடா நான்கு கோடா, பையன் டிபன் பாக்ஸை வகுப்பிலேயே விட்டுவிட்டான், கொஞ்சம் பாருங்கள் மிஸ். எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவை வருகிற நேரம் இரவு எட்டு முதல் பத்தரை. இதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். எந்த மாதிரி எல்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

முதல் பருவத் தொடக்கத்தில் பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பில் இந்த எல்லையைச் சொல்ல, ஆசிரியர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அனுப்பச் சொல்வது ஒன்று. எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், பதில் மட்டும் குறிப்பிட்ட நேரத்தில் வரும் என்பது இன்னொன்று. வகுப்புக் குழுவில் ஆசிரியர் மட்டுமே எழுத முடியும்படி பூட்டி வைப்பது மூன்றாவது. சொந்த எண்ணைக் கொடுக்காமல் டைரி, பள்ளி அலுவலகப் போன் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நான்காவது. நான் திருப்பூரில் தொடக்க வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த ஊரையும் நான்காம் வகுப்பையும் மனதில் வைத்துத்தான் நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஊர் மாறினால் நேரம் மாறும். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது பெரிதாக மாறாது.

அனுப்பும் நேரத்துக்கு எல்லை

புதிதாக வகுப்பாசிரியர் ஆகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். “மாலை 4.30 முதல் 6.30 வரை மட்டும் மெசேஜ் அனுப்பவும்” என்று குழுவில் ஒரு வரி போடுவார்கள். படிக்கும்போது தெளிவாக இருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் அப்பாக்களும் வீட்டில் இருக்கும் அம்மாக்களும் அதைப் பின்பற்றியும் விடுவார்கள்.

மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். பனியன் கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் மாலை ஐந்தரைக்கு வெளியே வருவார். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிஃப்ட் ஓடும். அப்போது வெளியே வர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது போனைத் தொட முடியாது. பல வீடுகளில் இணையம் உள்ள போன் ஒன்றுதான் இருக்கும், அதுவும் அப்பாவின் பாக்கெட்டில் வேலைக்குப் போய்விடும். அவர் வீடு திரும்பி, சாப்பிட்டு, பிள்ளையின் பையைத் திறந்து பார்க்கும்போது மணி ஒன்பதே கால். அந்த நேரத்தில்தான் கணக்கு நோட்டில் மிஸ் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருப்பது அவர் கண்ணில் படும். 6.30 என்ற எல்லை இந்த வீட்டுக்குச் சொல்லும் செய்தி, நீங்கள் எழுதவே வேண்டாம் என்பதுதான்.

இந்த வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள். மிஸ்ஸைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். இதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. இரவில் எழுதிக்கொண்டே இருக்கும் இரண்டு மூன்று பேரை நிறுத்துவதற்காக எழுதிய வரி, அவர்களை நிறுத்தாமல், ஏற்கெனவே தயங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரின் வாயை அடைத்துவிடுகிறது. பிள்ளைக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி போட வேண்டுமோ என்ற சந்தேகம் வந்திருக்கலாம். பஸ்ஸில் யாரோ அடிக்கிறார்கள் என்று பிள்ளை சொல்லியிருக்கலாம். ஆசிரியருக்கு வந்து சேர வேண்டிய செய்திகள் இவைதான்.

நடைமுறையிலும் இந்த எல்லை நிற்பதில்லை. இரவு 9.10-க்கு ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் சொன்னால் விதி அன்றோடு முடிந்தது. மறுநாள் அந்த அம்மா பக்கத்து வீட்டு அம்மாவிடம், “கேட்டா மிஸ் சொல்வாங்க” என்று சொல்லிவிடுவார். பதில் சொல்லாவிட்டால், படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார் என்ற மனக்குறை. பெற்றோர் எப்போது எழுதுகிறார் என்பது ஆசிரியர் கையில் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்கு விதி போட்டால் அதைக் காப்பாற்றவும் முடியாது.

பதில் நேரத்துக்கு எல்லை

இரண்டாவது வழியில் ஆசிரியர் தன்னைப் பற்றி மட்டுமே சொல்கிறார். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.30 முதல் 7 மணி வரை உட்கார்ந்து பதில் எழுதுவேன். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வருகிறவர் 9.15-க்கு எழுதலாம். அவர் எந்த விதியையும் மீறவில்லை. ஆசிரியர் மறுநாள் 6.30-க்குப் பதில் சொல்கிறார். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். யாருக்கும் முகம் சுளிக்கக் காரணம் இல்லை.

இந்த வழியில் பெற்றோர் கைக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. ஆசிரியருக்குத்தான் வேலை. 6.30 என்று சொன்னால் 6.30-க்கு உட்கார வேண்டும். இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் போன் அடிக்கத் தொடங்கும். எழுதினால் பதில் வராது, கூப்பிட்டால்தான் எடுப்பார் என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவார்கள். அதேபோல் 9.15-க்கு வந்த சின்னக் கேள்விக்கு, போன் கையில்தானே இருக்கிறது என்று அப்போதே ஒரு வரி தட்டிவிடவும் கூடாது. அந்த ஒரு வரி, இரவில் கேட்டாலும் கிடைக்கும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடும்.

கண்ணில் படாமல் இருந்தால்தான் கை சும்மா இருக்கும். எனவே போனில் சில ஏற்பாடுகள் வேண்டும். பெற்றோருடனான தனி உரையாடல்களை ஆர்க்கைவ் செய்துவிட்டு, வாட்ஸ்அப்பின் Settings-ல் Chats பகுதிக்குப் போய் Keep chats archived என்பதை இயக்கி வைத்தால், புதுச் செய்தி வந்தாலும் அது மேலே ஏறி வராது, மணியும் அடிக்காது. 6.30-க்கு நீங்களாகத் திறந்து பார்த்தால் போதும். நீல டிக் பெரிய வம்பு. Read receipts-ஐ அணைத்தால் தனிச் செய்திகளுக்கு நீல டிக் போகாது. ஆனால் குழுச் செய்திகளுக்கும் குரல் செய்திகளுக்கும் இதை அணைக்க முடியாது. வாய்ஸ் மெசேஜை இரவு 9.20-க்குக் கேட்டுவிட்டீர்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். எழுதத் தெரியாத பெற்றோர்தான் அதிகம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள் என்பதால், அவர்களுடையதை நேரம் வரும்வரை தொடாமல் இருப்பது இன்னும் முக்கியம்.

வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலியில் Away message என்று ஒரு வசதி இருக்கிறது. Business tools பகுதியில் அதை இயக்கி, Outside of business hours என்று நேரம் குறித்துவிட்டால், அந்த நேரத்துக்கு வெளியே எழுதுகிறவருக்குத் தானாக ஒரு பதில் போகும். “உங்கள் செய்தி வந்தது. மாலை 6.30-க்குப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்” என்று போட்டுக்கொள்ளலாம். உங்கள் போனில் இணையம் இருக்கும்போதுதான் அது போகும். யாருக்குப் போக வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைமையாசிரியருக்கும் ஊரில் இருக்கும் அத்தைக்கும்கூட அதே பதில் போய்விடும். ஒரே எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பையும் பிசினஸையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது சிம் வைத்திருக்கிறவர்களுக்கே இது முழுமையாகப் பயன்படும். ஒரே எண் வைத்திருப்பவர்களுக்கு ஆர்க்கைவ் போதும் என்பது என் கருத்து.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு. 9.15-க்குக் கேட்ட ஹோம்வொர்க் சந்தேகத்துக்கு மறுநாள் 6.30-க்குப் பதில் வந்து என்ன பயன்? நோட்டு காலையிலேயே மேசைக்கு வந்துவிடும். ஆகவே அன்றே தெரிய வேண்டிய விஷயங்களைப் பெற்றோர் கேட்க வேண்டிய நிலையே வராதபடி முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மூன்றாவது வழி துணைக்கு வருகிறது.

குழுவைப் பூட்டுவது

வகுப்புக் குழுவின் Group permissions பகுதியில் உறுப்பினர்கள் செய்தி அனுப்பும் அனுமதியை அணைத்துவிட்டால், அட்மின் மட்டுமே எழுத முடியும். இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். எல்லாரும் எழுதக்கூடிய குழுவில் நாளை விடுமுறை என்று ஒரு வரி போட்டால், அதன் கீழே முப்பது “நன்றி மிஸ்” வரும். காலையில் போட்ட பாடப் பகுதி, மதியம் வந்த குட்மார்னிங் படங்களுக்கும் ஃபார்வேர்டுகளுக்கும் அடியில் புதைந்துவிடும். அதைத் தேட முடியாமல்தான் பாதிப் பேர் தனியாக மறுபடி கேட்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் வகுப்பில் அடித்துக்கொண்டதை இரண்டு அப்பாக்கள் குழுவில் பேசத் தொடங்கினால், அந்த இரவு நாற்பது வீடும் அதைப் படித்துக்கொண்டிருக்கும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, குழுவில் இருக்கும் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பது. ஓர் அம்மாவின் எண் அவருக்கு முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேரின் கைக்குப் போகிறது. குழுவைப் பூட்டினாலும் எண்கள் மறையாது. வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி ஒன்று தொடங்கி அதன் அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்தினால், மற்றப் பெற்றோருக்கு எண் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். அமைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தடவை செய்துவிட்டால் போதும்.

சரி, பூட்டிவிட்டோம். அப்புறம்? குழுவில் கேட்க முடியாத கேள்விகள் எல்லாம் தனிச் செய்தியாக வரும். அதனால் பூட்டுவது மட்டுமே எல்லை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சத்தம் குறையும், கேள்வி குறையாது. கேள்வி குறைய வேண்டும் என்றால் ஆசிரியர் தன் பக்கத்தைச் சரியான நேரத்துக்குச் செய்ய வேண்டும். ஹோம்வொர்க்கை இரவு எட்டரைக்குக் குழுவில் போடுகிற ஆசிரியருக்கு ஒன்பது மணிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். நாளைக்கு ஒரு சார்ட்டும் கலர் பேப்பரும் வேண்டும் என்று முந்தின இரவு சொன்னால், கடை மூடும் நேரத்தில் ஓடுகிற அப்பா, எந்தக் கலர் மிஸ் என்று கேட்காமல் என்ன செய்வார்? பள்ளி 3.50-க்கு விட்டால் 4.30-க்குள் அன்றைய ஹோம்வொர்க் ஒரே செய்தியாகக் குழுவில் இருக்க வேண்டும். கரும்பலகையைப் படம் எடுத்துப் போட்டாலும் போதும். வாங்க வேண்டிய பொருள் இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்தால் திங்கள் கேட்கும் பொருளை வியாழன் அன்றே சொல்லுங்கள். இங்கே பலருக்குச் சம்பளம் சனிக்கிழமை. கையில் காசு வருகிற நாளுக்கும் கேட்கிற நாளுக்கும் நடுவே இடைவெளி கொடுத்தால் புலம்பல் செய்திகள் வராது.

பெற்றோர் தங்களுக்குள் ஒரு தனிக் குழு வைத்துக்கொள்வார்கள். அதில் ஆசிரியர் சேரக் கூடாது. அழைத்தாலும் மறுத்துவிடலாம். அங்கே அவர்கள் ஒருவருக்கொருவர் நோட்டைப் படம் எடுத்து அனுப்பிக்கொள்வது நல்லதே, உங்களுக்கு வரும் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

எண்ணே கொடுக்காமல் இருப்பது

அலுவலகத்தில் போன் எடுக்க ஆள் இருக்கும் பள்ளிகளுக்கு இது ஒத்துவரும். டைரியில் எழுதினால் ஆசிரியர் மறுநாள் படித்துக் கையெழுத்துப் போடுவார். எழுத்தில் இருப்பதால் பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்ற குழப்பம் வராது. ஆனால் டைரி, பிள்ளையின் கை வழியாகப் போய் வருகிறது. அடி வாங்கிய பிள்ளையும் பாடம் படிக்காத பிள்ளையும் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் விடலாம். கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்கிற நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு டைரியால் பயனே இல்லை, வாய்ஸ் மெசேஜ்தான் அவர்களுக்கு எழுத்து. அலுவலக ஊழியர் இல்லாத சின்ன அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இந்த வழியை யோசிக்கவே முடியாது, அங்கே தலைமையாசிரியர்தான் வகுப்பும் எடுக்கிறார், போனும் எடுக்கிறார்.

இதிலிருந்து ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன். அவசரச் செய்தி எதுவும் வாட்ஸ்அப்பில் வரக் கூடாது, போன் அழைப்பாகத்தான் வர வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மதியம் 2.30-க்கு ஒரு செய்தி வருகிறது: “மிஸ், இன்னைக்கு என் தம்பி வந்து பாப்பாவைக் கூட்டிட்டுப் போவார்.” ஆசிரியர் வகுப்பில் இருக்கிறார், போன் கைப்பையில் இருக்கிறது. 3.50-க்கு வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். ஆசிரியர் செய்தியைப் பார்க்கவில்லை என்றால் பிள்ளையை அனுப்ப மாட்டார், வந்தவர் கோபப்படுவார். அது பரவாயில்லை. செய்தியைப் பார்த்துவிட்டு, அது உண்மையிலேயே அம்மாதான் எழுதினாரா, அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளையை அனுப்பிவிட்டால்? பெற்றோருக்குள் மனக்கசப்பு இருக்கும் வீடுகளில் இது நடக்கக்கூடிய ஆபத்து. பிள்ளையை அழைத்துப் போக வேறு ஆள் வருகிறார் என்றால் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், அலுவலகம் ஏற்கெனவே பதிவில் இருக்கும் எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்ய வேண்டும். குறிப்பில் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும். நேர எல்லை பற்றிய குறிப்பில் இதற்கு என்ன இடம் என்று தோன்றலாம். ஆசிரியர் எப்போது போனைப் பார்ப்பார் என்று சொல்லும்போதே எப்போது பார்க்க மாட்டார் என்பதும் வந்துவிடுகிறது. பள்ளி நேரத்தில் பார்க்க மாட்டார் என்பதைப் பெற்றோர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

குறிப்பை எழுதுவது

ஆக, என் தேர்வு இரண்டாவது வழிதான். அதற்குத் துணையாகப் பூட்டிய குழு, அவசரத்துக்கு அலுவலக எண். குறிப்பு இப்படி இருக்கலாம்:

> அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.
>
> நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு இந்த ஆண்டு நான் வகுப்பாசிரியர். பிள்ளையைப் பற்றி எது சொல்ல வேண்டும் என்றாலும் இந்த எண்ணுக்கு எழுதலாம், வாய்ஸ் மெசேஜும் அனுப்பலாம். எந்த நேரத்தில் அனுப்பினாலும் தவறில்லை.
>
> திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.30 முதல் 7 மணி வரை எல்லாச் செய்திகளையும் பார்த்துப் பதில் சொல்வேன். அதற்குப் பிறகு வருபவற்றுக்கு அடுத்த வேலை நாள் மாலை பதில் வரும். சனி, ஞாயிறு வருபவற்றுக்குத் திங்கள் மாலை.
>
> பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வர முடியாது என்றால் காலை 8.15-க்குள் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பார்த்துக்கொள்வேன். அதற்குத் தனியாகப் பதில் வராது.
>
> பள்ளி நேரத்தில் நான் போன் பார்ப்பதில்லை. பிள்ளையைச் சீக்கிரம் அழைத்துப் போக வேண்டும், வேறு ஒருவர் வந்து அழைத்துப் போகிறார், பிள்ளை வீடு வந்து சேரவில்லை, இப்படி எதுவானாலும் உடனே பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.
>
> அன்றன்றைய வீட்டுப் பாடத்தை மாலை 4.30-க்குள் குழுவில் போட்டுவிடுவேன். ஏதாவது பொருள் வாங்க வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே சொல்வேன். குழு அறிவிப்புக்கு மட்டும் என்பதால் அதில் பதில் எழுத முடியாது.
>
> நேரில் பேச வேண்டும் என்றால் சொல்லுங்கள், பள்ளி விட்ட பிறகு ஒரு நாள் குறித்துக்கொள்ளலாம்.

இந்தக் குறிப்பில் பெற்றோரை எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. தொந்தரவு, கண்டிப்பு, அனுமதி இல்லை ஆகிய சொற்களும் இல்லை. மரியாதைக்காக மட்டும் அப்படி எழுதவில்லை. “தேவையில்லாத செய்திகளைத் தவிர்க்கவும்” என்று எழுதினால், தயங்குகிற பெற்றோர் தன் செய்திதான் தேவையில்லாதது என்று எடுத்துக்கொள்வார். தயங்காதவர் அந்த வரியைக் கவனிக்கவே மாட்டார்.

காலை 8.15 பார்வையை நீங்கள் விட்டுவிடாதீர்கள். இரவு 9.50-க்கு, காய்ச்சல், நாளைக்கு வரமாட்டான் என்று வரும் செய்தியை மறுநாள் மாலை பார்த்தால், அதற்குள் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் விழுந்து, அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போனும் போயிருக்கும். பிரேயருக்கு முன் ஐந்து நிமிடம் பார்ப்பதற்கு மட்டும். பதில் எழுத ஆரம்பித்தால் முதல் பீரியட் போய்விடும்.

அனுப்புவதற்கு முன் தலைமையாசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அதே வகுப்பின் மற்றப் பிரிவு ஆசிரியர்களோடும் பேசி ஒரே நேரத்தை வையுங்கள். ‘அ’ பிரிவு மிஸ் இரவு பத்துக்கும் பதில் சொல்கிறார் என்றால், உங்கள் 6.30 எவ்வளவு பணிவாக எழுதப்பட்டிருந்தாலும் உங்களைப் பற்றிய குறையாகத்தான் பேசப்படும். அனுப்பும் நாள் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் இருக்கட்டும். ஜூலையில் யாரோ ஒருவர் நள்ளிரவில் சண்டை போட்ட பிறகு அனுப்பினால், இது யாருக்கு வைத்த குறி என்று எல்லாரும் தேடத் தொடங்குவார்கள்.

குறிப்பை எழுத்தாக மட்டும் போடாமல் உங்கள் குரலில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாகவும் போடுங்கள். திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இந்தி பேசத் தெரிந்த ஒரு சக ஆசிரியர் அதையே இந்தியில் சொல்லிக் கொடுத்தால் அவர்களுக்கும் போய்ச் சேரும். குழுவில் அந்தச் செய்தியைப் பின் செய்து வைக்கலாம். 30 நாள் வரை அது மேலே நிற்கும். நேரங்களைக் குழுவின் விவரப் பகுதியிலும் எழுதிவிட்டால், நடுவில் சேருகிறவர் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

ஓர் இரவு வந்த செய்தி

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யும் என்று ஒரு சிக்கலான செய்தியை வைத்துப் பார்க்கலாம். வியாழன் இரவு 10.05. ஓர் அம்மா எழுதுகிறார்: “மிஸ், பக்கத்துல உக்கார்ற பையன் தினமும் இவன் பென்சிலைப் பிடுங்கிட்டு அடிக்கிறானாம். இன்னைக்கு கையில கீறல் இருக்கு. நீங்க கவனிக்கறதே இல்லையா?” கூடவே கையின் படம்.

ஆர்க்கைவில் இருப்பதால் ஆசிரியர் இதை இரவில் பார்க்கவில்லை. வெள்ளி காலை 8.15-க்குப் பார்க்கிறார். பதில் எழுதுவதில்லை. முதல் பீரியடிலேயே இரண்டு பிள்ளைகளையும் வேறு வேறு பெஞ்சில் உட்கார வைக்கிறார். இடைவேளையில் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறார். கீறலைப் பார்த்து, மருந்து தேவையா என்று பார்க்கிறார். மாலை 6.30-க்கு முதல் வேலையாக இந்த அம்மாவுக்கு எழுதாமல் போன் செய்கிறார். என்ன நடந்தது, இருக்கை மாற்றியாயிற்று, திங்கள் மறுபடி பார்த்துச் சொல்கிறேன் என்று பேசுகிறார். கோபமாக வந்த செய்திக்கு எழுத்தில் பதில் சொன்னால், அது ஸ்கிரீன்ஷாட்டாகிப் பெற்றோர் குழுவுக்குப் போகும், அங்கே அதற்கு வேறு அர்த்தம் பிறக்கும். குரலில் பேசினால் இரண்டு நிமிடத்தில் முடியும்.

இதே செய்தி இரவு 10.05-க்கே ஆசிரியர் கண்ணில் பட்டிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? அந்த இரவில் இரண்டு பிள்ளைகளிடமும் கேட்க வழியில்லை. தெரியாத ஒன்றுக்கு மன்னிப்போ மறுப்போ எழுதியிருப்பார். காலை வரை காத்திருந்ததால், அம்மாவுக்குச் சொல்ல ஆசிரியர் கையில் உண்மை இருந்தது.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளை வீடு வந்து சேரவில்லை, பிள்ளைக்கு ஆபத்து என்று எப்படியோ கண்ணில் பட்டுவிட்டால், நேரம் பார்க்காமல் உடனே போன் செய்யுங்கள். எழுத்தில் பதில் சொல்லாமல் அழைப்பாகச் செய்தால், இரவு வாட்ஸ்அப்பில் பதில் கிடைக்கும் என்ற பழக்கம் உருவாகாது.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

முதல் பருவம் செப்டம்பர் வரை ஓடும். ஆகஸ்ட் வாக்கில் உங்கள் போனை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஒரே கேள்வியை நான்கைந்து பேர் கேட்டிருந்தால் குழு அறிவிப்பில் ஏதோ விட்டுப்போகிறது என்று அர்த்தம், அதைச் சேருங்கள். ஒரே பெற்றோர் வாரத்தில் மூன்று நான்கு தடவை எழுதினால், குழுவில் மறுபடி நினைவூட்டல் போடாதீர்கள். அவரை மட்டும் பள்ளிக்கு அழைத்துப் பதினைந்து நிமிடம் நேரில் பேசுங்கள். பெரும்பாலும் பிள்ளையைப் பற்றிய ஒரு பயம் அதற்குப் பின்னால் இருக்கும். செய்தி அனுப்பாமல் நேரடியாக அழைப்பவர்கள் கூடினால், நீங்கள் 6.30-ஐத் தவறவிடுகிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள், நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஜூனிலிருந்து ஒரு வார்த்தைகூட எழுதாத பெற்றோர் யார் யார்? அந்தப் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். எட்டோ பத்தோ இருக்கலாம். அவர்களுக்கு நீங்களே மாலை 6.30-க்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். பிள்ளை இந்த மாதம் வாசிப்பில் எப்படி இருக்கிறான், எது நன்றாக வருகிறது என்று இரண்டு வாக்கியம் போதும். பதில் இரவு ஒன்பதரைக்கு வரும். மறுநாள் 6.30-க்குக் கேட்டுக்கொள்ளலாம்.

செப்டம்பரில் பருவத் தேர்வு நெருங்கும்போது அரை மணி நேரம் போதாது. போர்ஷன் பற்றிய கேள்விகள் கூடும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே பாட வாரியாகப் பகுதிகளையும் தேதிகளையும் ஒரே படமாகக் குழுவில் போட்டுப் பின் செய்துவிடுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் பதில் நேரம் 6.30 முதல் 7.30 என்று முன்கூட்டிச் சொல்லலாம். எப்போது பழைய நேரத்துக்குத் திரும்பும் என்ற தேதியையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் பருவத்துக்கும் 7.30 என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.